ஹட்டன் கடையில் மூன்று பக்கமாகிப்போன என் சி.வி.

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டம். லயத்துக்குள் சிக்னல் வராது. மெசேஜ் அனுப்பவேண்டும் என்றால் கோயிலைத் தாண்டி மேல் முடக்கு வரை ஏறிப் போகவேண்டும். பனி இறங்கிவிட்டால் அங்கேயும் நிச்சயமில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. உயர்தரம் முடித்து வேலை தேடத் தொடங்கியபோது என்னிடம் இருந்தது அண்ணன் பாவித்துவிட்டுக் கொடுத்த ஒரு போன் மட்டும்தான். 32 ஜிபி இடம், அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே நிறைந்திருந்தது. அந்தப் போனிலேயே சி.வி. தயாரித்து, விண்ணப்பம் அடித்து, கடைசியில் ஒரு தொழிற்சாலை கேட்ட கணக்கு அட்டவணையையும் செய்து அனுப்பினேன். இடையில் சறுக்கிய இடங்கள் எல்லாம் ஆப் தேர்வோடு சம்பந்தப்பட்டவை. என்னைப்போல் போனை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை விபரமாக எழுதுகிறேன்.

முதலில் சி.வி.யை எழுதவே வேண்டியிருக்காது என்று நினைத்தேன். அக்கா கல்யாணத்துக்கு முன் வேலைக்கு விண்ணப்பித்தபோது டவுனில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் தமிழில் டைப் செய்து வாங்கிய ஃபைல் இருந்தது. அதில் பெயரையும் பெறுபேறுகளையும் மாற்றினால் போதும் என்று அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லித் திறந்து பார்த்தேன். பெயர் என்று இருக்கவேண்டிய இடத்தில் `ngau;` என்று இருந்தது. தமிழ் என்ற இடத்தில் `jkpo;`. இரண்டு பக்கமும் இப்படியே. ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பச் சொன்னேன். மறுபடியும் அதேதான்.

ஃபைல் கெட்டுப்போகவில்லை. அது பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைல். இலங்கையில் டைப் செய்து கொடுக்கும் கடைகளில் பாமினி நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அந்த எழுத்துருவில் ஆங்கில `j`-க்கு உரிய இடத்தில் த என்ற உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். பார்க்கிறவருக்குத் தமிழாகத் தெரியும். ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில `j` தான். பாமினி உள்ள கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ், இல்லாத போனில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகள். நாம் வாட்ஸ்அப்பில் அடிக்கும் தமிழ் யூனிகோட். அதில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் இருப்பதால் எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும்.

உங்களிடம் உள்ள பழைய ஃபைல் எது என்று கண்டுபிடிக்க, புரியாத அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து எழுத்துருப் பெயரைப் பாருங்கள். `Bamini` என்று காட்டினால் சந்தேகமே இல்லை. அதை யூனிகோடாக மாற்றிக் கொடுக்கும் வழிகள் இணையத்தில் உண்டு. ஆனால் அவற்றில் போட்டால் அந்தப் பக்கத்தில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருக்கவேண்டிய மின்னஞ்சல் முகவரியும் சேர்ந்து தமிழாகிவிடும். சி.வி. மொத்தமே இரண்டு பக்கம் என்பதால் நான் மாற்றப் போகவில்லை. ஜிபோர்டில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து முதலிலிருந்து அடித்தேன். எனக்கு இரண்டு மாலை நேரம் போனது.

அடித்த ஆப்தான் அடுத்த பிரச்சினை. போன் வாங்கும்போதே உள்ளே இருந்த ஓர் ஆபிஸ் ஆப் அது. பெயர் வேண்டாம், குற்றம் அந்த ஆப்பில் மட்டும் இல்லை, நான் அடித்த முறையிலும் இருந்தது. நம்மூர் சி.வி.யின் அமைப்பு எல்லோருக்கும் தெரியும். இடப்பக்கம் முழுப்பெயர், முகவரி, பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் என்று வரிசையாக வரும், நடுவில் முக்காற்புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், வலப்பக்கம் விபரம். அந்த முக்காற்புள்ளிகளை நேராக நிறுத்த நான் ஸ்பேஸைத் தட்டிக்கொண்டே போனேன். பெயருக்குப் பிறகு பத்து, முகவரிக்குப் பிறகு எட்டு என்று கண்ணால் பார்த்துப் பார்த்து அடித்தேன். போனில் பார்த்தபோது கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. இரண்டு பக்கம், கீழே கையொப்பத்துக்கு இடம். திருப்தியோடு பஸ்ஸேறி ஹட்டனுக்குப் போனேன்.

கடைக்கார அண்ணன் ஃபைலைத் தன் கம்ப்யூட்டரில் திறந்தார். முக்காற்புள்ளிகள் மேடும் பள்ளமுமாக நின்றன. இரண்டு பக்கம் மூன்றாகி, மூன்றாவது பக்கத்தில் கையொப்பமும் திகதியும் மட்டும் தனியாகக் கிடந்தன. “போன்ல நல்லாத்தான் இருந்திச்சு அண்ணே” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மேலே இருந்த ¶ குறியைத் தட்டினார். பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள் முளைத்தன. “பாருங்க தங்கச்சி, ஒவ்வொரு புள்ளியும் நீங்க தட்டுன ஒரு ஸ்பேஸ். எழுத்து மாறுனா ஸ்பேஸோட அகலமும் மாறும். உங்க போன்ல இருந்த எழுத்து இங்க இல்ல. அதுதான் எல்லாம் நகருது” என்றார்.

பிறகு இன்னொன்றையும் காட்டினார். என் பக்கம் ஏ4 அளவில் இல்லை. ஆப் தானாகவே அமெரிக்க லெட்டர் அளவை எடுத்திருந்தது. லெட்டர் தாள் 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. உயரம். நம் கடதாசி ஏ4. அது 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். போன் திரையில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. பிரிண்ட் எடுக்கும்போதுதான் ஓரம் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வரும், இல்லாவிட்டால் வரிகள் அடுத்த பக்கத்துக்குத் தள்ளும்.

அன்று அவரே அரை மணித்தியாலம் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அப்படி அவர் முன்னால் நிற்க முடியாது, பஸ் காசும் கட்டாது. அதனால் வீட்டுக்கு வந்ததும் ஒழுங்காக ஓர் ஆப்பைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவெடுத்தேன்.

தேர்வுக்கு நான் வைத்த பரீட்சை ஒன்றுதான். என் போனில் செய்த பக்கம் இன்னொருவருடைய கருவியில் அதேபோல் திறக்கவேண்டும். ஆப்பில் எத்தனை வசதி இருக்கிறது, எத்தனை அழகான மாதிரிகள் கொடுக்கிறார்கள் என்பதை நான் பார்க்கவில்லை. ஒரே பக்கத்தைத் தமிழும் ஆங்கிலமும் கலந்து, ஒரு சின்ன அட்டவணையோடு, ஒவ்வொரு ஆப்பிலும் அடித்தேன். போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு ஒரு வரியைத் திருத்தி, ஆப்பை மூடி, மறுபடி திறந்து அந்தத் திருத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். எங்கள் லயத்தில் இது முக்கியமான சோதனை. அதன்பிறகு முடக்குக்கு ஏறிப்போய் அண்ணனுக்கும் ஹட்டன் கடைக்கும் அனுப்பி, அங்கே எப்படித் தெரிகிறது என்று படம் பிடித்து அனுப்பச் சொன்னேன்.

மைக்ரோசாஃப்ட் வேர்ட் போனுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. 10.1 அங்குலத்துக்கு மேற்படாத திரை என்றால் காசு கட்டாமல் எழுதலாம், திருத்தலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று திறந்து உள்நுழைந்திருக்கவேண்டும். ஃபைலைப் போனுக்குள்ளேயே சேமிக்கலாம் என்பதால் சிக்னல் இல்லாமலும் வேலை ஓடியது. கடைகளில் இருப்பதும் வேர்ட்தான் என்பதால் அங்கே திறக்கும்போது மாற்றம் குறைவு. கம்பனிகள் அனுப்பும் படிவங்கள், அதாவது கட்டம் கட்டமாக இருக்கும் `.docx` ஃபைல்கள், இதில்தான் ஆகச் சரியாகத் திறந்தன. என் போனுக்கு அது கொஞ்சம் பாரம். திறக்க நேரம் எடுத்தது, இடமும் அதிகம் பிடித்தது.

கூகுள் டாக்ஸுக்கு ஏற்கெனவே போனில் இருந்த ஜிமெயில் கணக்கே போதும். ஃபைல் கூகுள் டிரைவில் இருக்கும் என்பதால், சிக்னல் இல்லாத இடத்திலும் வேண்டுமென்றால் அந்த ஃபைலின் மூன்று புள்ளியைத் தட்டி `Make available offline` என்பதை முன்கூட்டியே போட்டு வைக்கவேண்டும். முதல் தடவை நான் அதைப் போடாமல் விமானப் பயன்முறைக்குப் போய்விட்டேன், ஃபைல் திறக்கவில்லை. போட்ட பிறகு லயத்துக்குள் இருந்தே திருத்தினேன். முடக்குக்கு ஏறியதும் அதுவாகவே மேலே போய்ச் சேர்ந்துகொண்டது. இன்னொரு நன்மை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அண்ணன் கொழும்பில் வேலை செய்கிறான். அவன் தன் போனில் அதே ஃபைலைத் திறந்து என் ஆங்கிலப் பிழைகளைத் திருத்த, நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புதுசு, பழசு, இறுதி என்று ஐந்து பிரதிகள் வாட்ஸ்அப்பில் சுற்றும் தொல்லை அத்தோடு போனது.

கூகுள் கணக்கோ மைக்ரோசாஃப்ட் கணக்கோ வேண்டாம், எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கட்டும் என்கிறவர்களுக்கு கொலபோரா ஆபிஸ் என்று ஒன்று இருக்கிறது. லிப்ரே ஆபிஸை அடிப்படையாகக் கொண்டது, இலவசம், இணையம் இல்லாமலே முழுதாக ஓடும். என் போனில் இடம் போதாமல் அதை வைத்திருக்க முடியவில்லை. இடம் இருந்தால் பார்க்கலாம்.

நான் கடைசியில் எடுத்தது டாக்ஸ். என் சொந்தச் சி.வி.க்கு அதுதான். வேர்ட்டை அழித்துவிட்டு, கம்பனி படிவம் ஏதாவது வந்தால் மட்டும் மறுபடி இறக்கிக்கொள்கிறேன். படிவத்தை டாக்ஸிலேயே நிரப்பினால் என்ன என்று ஒரு தடவை முயன்றேன். அந்தப் படிவத்தில் படம் ஒட்டும் இடம் ஒரு எழுத்துப் பெட்டிக்குள் இருந்தது. டாக்ஸில் அந்தப் பெட்டி நான் பார்த்த இடத்தில் இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு நிரல், கலர்ப்பட்டை வைத்த சி.வி. மாதிரிகளிலும் இந்தப் பெட்டிகள்தான் நிறைய. போனில் திருத்தப்போகும் சி.வி.க்கு அவற்றைத் தொடாமல் விடுவதே நல்லது.

பக்கத்தைச் செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். புது ஃபைல் திறந்ததும் ஓர் எழுத்தும் அடிக்கும் முன் மூன்று புள்ளிக்குள் `Page setup` போய் தாளின் அளவை `A4` ஆக்கினேன். அதே இடத்தில் இருக்கும் `Print layout` என்பதையும் போட்டுவிட்டேன். அது இல்லாவிட்டால் ஆப் போன் திரைக்கு ஏற்றபடி வரிகளை மடித்துக் காட்டும்; எங்கே பக்கம் முடிகிறது என்று தெரியாது. எழுத்துரு ஆங்கிலத்துக்கு ஏரியல், அளவு 11. எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கும் எழுத்தாக எடுத்ததற்குக் காரணம் ஹட்டனில் பட்ட பாடுதான்.

முக்காற்புள்ளிக்கு ஸ்பேஸே தட்டவில்லை. கூட்டல் குறியைத் தட்டி மூன்று நிரல் கொண்ட அட்டவணை ஒன்றைச் செருகினேன். முதல் நிரலில் முழுப்பெயர், முகவரி போன்றவை, நடு நிரலில் வெறும் முக்காற்புள்ளி, மூன்றாவதில் விபரம். நடு நிரலை ஒடுக்கிவிட்டு, கோடுகளின் நிறத்தை வெள்ளையாக்கினேன். கடதாசியில் அட்டவணை இருப்பதே தெரியாது. முகவரி நீண்டு இரண்டாவது வரிக்குப் போனாலும் தன் கட்டத்துக்குள்ளேயே நிற்கும், முக்காற்புள்ளிக்கு அடியில் ஓடி வராது. எழுத்துரு மாறினாலும் நிரல் நகராது. சாதாரண தரப் பெறுபேறுகளுக்கும் அப்படித்தான், அங்கே மட்டும் கோடுகளைக் கறுப்பாகவே விட்டேன்.

பக்கம் பிரிப்பதில் அரச வர்த்தமானி விண்ணப்பங்கள் எனக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தன. மாதிரிப் படிவத்தைப் பார்த்து நாமே ஏ4 தாளில் தயாரிக்கவேண்டிய விண்ணப்பங்களில், இன்ன இலக்கம் முதல் இன்ன இலக்கம் வரை முதலாம் பக்கத்திலும் மிச்சம் அடுத்த பக்கத்திலும் வரவேண்டும் என்று எழுதியிருப்பார்கள். மாதிரிக்கு ஒத்துவராத விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்றும் இருக்கும். இதற்காக என்டரைப் பத்துத் தடவை தட்டி அடுத்த பக்கத்துக்குத் தள்ளினால், மேலே ஒரு வரி கூடும்போது எல்லாம் ஒரு வரி இறங்கிவிடும். கூட்டல் குறிக்குள் `Page break` என்று இருக்கிறது. அதைப் போட்டால் மேலே என்ன கூடினாலும் குறைந்தாலும் அடுத்த இலக்கம் புதுப் பக்கத்தின் உச்சியிலிருந்துதான் தொடங்கும். மேல் பக்கம் நிறைந்து வழிந்தால் மட்டும் நடுவில் ஒரு பக்கம் கூடிவிடும். ஆகவே கடைசியில் பக்கங்களை எண்ணிப் பார்க்கவேண்டும்.

முடிந்ததும் மூன்று புள்ளி, `Share & export`, `Save as`, அதில் பிடிஎஃப். பிடிஎஃப் ஃபைல் தன் எழுத்துருவைத் தன்னோடு தூக்கிக்கொண்டு போகும். கடையில் அந்த எழுத்து இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே வராது. `.docx` வேண்டும் என்று யாராவது கேட்டால் ஒழிய நான் பிடிஎஃப் மட்டும்தான் அனுப்புவேன். திருத்தும் பிரதி என்னிடமே இருக்கும். இந்த வேலையை முடக்கில், சிக்னல் உள்ள இடத்தில் நின்றுதான் செய்வேன். செய்ததும் அதை முதலில் அம்மாவின் போனுக்கு அனுப்பித் திறந்து, பக்கம் இரண்டுதானா, கையொப்பம் இரண்டாவது பக்கத்திலேயே இருக்கிறதா, தமிழில் கொம்பும் காலும் தள்ளிப்போகாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். அம்மாவின் போன் வேறு கம்பனியுடையது, பழசு. அதில் சரியாகத் தெரிந்தால் மற்ற இடங்களிலும் தெரியும் என்ற நம்பிக்கை எனக்கு வந்துவிட்டது. கடையில் பிரிண்ட் எடுத்த பிறகு, அடையாள அட்டை இலக்கமும் வீட்டு முகவரியும் உள்ள அந்தப் ஃபைலை அவர்கள் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். கேட்டால் யாரும் மறுத்ததில்லை.

இப்படி அனுப்பிய ஒன்றுக்கு, ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. நேர்முகத்துக்கு முன் ஒரு சின்னப் பயிற்சி. ஒரு நாள் கொழுந்து நிறுவையை நான்கு தொழிலாளர்களுக்கு எக்ஸெல் அட்டவணையாகச் செய்து, ஆளுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று கூட்டி அனுப்பவேண்டும். எங்கள் வீட்டுக்குத் தெரிந்த கணக்குதான். அம்மா காலை, பகல், மாலை என்று மூன்று நேரம் மடுவத்தில் கொழுந்து நிறுத்து வருகிறவர்.

கூகுள் ஷீட்ஸில் செய்தேன். டாக்ஸுக்கு எடுத்த அதே கணக்கு, அதே ஆஃப்லைன் வழி. கடைசியில் `Save as` போய் `.xlsx` ஆக எடுத்தால் எக்ஸெல்லில் திறக்கும். முதல் நிரலில் தொழிலாளர் இலக்கம், அடுத்த மூன்றில் மூன்று நிறுவை, ஐந்தாவதில் கூட்டல்.

முதல் இலக்கம் 014. அடித்து முடித்ததும் அது 14 ஆனது. ஷீட்ஸ் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூச்சியத்தைத் தூக்கிவிட்டது. 077 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கத்துக்கும் இதே கதிதான். புதிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களை எக்ஸெல்லில் அப்படியே அடித்தால் `1.99912E+11` என்பதுபோல் காட்டும். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எந்த இலக்கத்தையும் எழுத்தாகவே வைக்கவேண்டும். முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு `'014` என்று அடித்தால் போதும், அந்தக் குறி கட்டத்தில் தெரியாது. முழு நிரலுக்கும் என்றால் எண் வடிவத்தில் `Plain text` தெரிவுசெய்துவிட்டு அடிக்கத் தொடங்கலாம். அடித்த பிறகு மாற்றினால் போன பூச்சியம் திரும்பி வராது.

நிறுவைகளை இப்படிப் போட்டேன். 014-க்கு 6.5, 7, 5.5. 027-க்கு 8, 6.5, 4. 031-க்கு 5, 7.5, 6. 046-க்கு 7, 8, 5.5. எல்லாம் கிலோ. முதல் ஆளின் கூட்டலுக்கு E2 கட்டத்தில்:

```
=SUM(B2:D2)
```

அதைப் பிரதியெடுத்து கீழே மூன்று கட்டங்களிலும் ஒட்டினேன். 2 என்பது தானாகவே 3, 4, 5 என்று மாறிக்கொண்டது. வரவேண்டியது 19, 18.5, 18.5, 20.5, மொத்தம் 76.5. எனக்குக் கிடைத்த மொத்தம் 71. 

சரிபார்க்க நிரல்களைத் தனியாகக் கூட்டினேன். அதுவும் 71. இரண்டு வழியிலும் ஒன்றுதானே வருகிறது, அப்படியென்றால் சரி என்று அனுப்பியே இருப்பேன். மனம் கேட்காமல் ஒரு கடதாசியில் கையால் கூட்டிப் பார்த்ததால் தப்பினேன். 71-க்கும் 76.5-க்கும் இடையில் 5.5. கடைசி ஆளின் மாலை நிறுவையை நான் `5.5kg` என்று அடித்திருந்தேன். எழுத்துச் சேர்ந்ததும் அது எண் இல்லை; `SUM` எழுத்தைப் பேசாமல் விட்டுவிட்டுப் போகும், பிழை என்று சொல்லாது. குறுக்காகக் கூட்டினாலும் நெடுக்காகக் கூட்டினாலும் அதே கட்டத்தைத்தான் விடும் என்பதால் இரண்டும் ஒத்துப்போகும்.

இதைக் கண்ணாலேயே பிடிக்க ஒரு வழி உண்டு. நாம் ஒழுங்குபடுத்தாமல் விட்டால் எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடப்பக்கம் நிற்கும். அந்த ஒரு கட்டம் மட்டும் இடப்பக்கம் நின்றிருந்தது; போன் திரையில் நிரல் ஒடுக்கமாக இருந்ததால் என் கண்ணில் படவில்லை. அதைவிட உறுதியான வழி எண்களை எண்ணிப் பார்ப்பது:

```
=COUNT(B2:D5)
```

நான்கு பேருக்கு மூன்று நிறுவை, 12 வரவேண்டும். எனக்கு 11 வந்தது. கிலோ என்பதைத் தலைப்பு வரியில் மட்டும் எழுதிவிட்டு கட்டத்தில் வெறும் 5.5 ஆக்கியதும் 12 ஆனது, மொத்தம் 76.5 ஆனது. அந்தக் `COUNT` வரியை அட்டவணைக்கு அடியில் அப்படியே விட்டுவிட்டேன். நேர்முகத்தில் அதைக் காட்டி இது எதற்கு என்று கேட்டார்கள். காரணத்தைச் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

திகதியிலும் ஒரு கவனம் வேண்டும். 03/04 என்று அடித்தால் ஃபைலின் நாட்டு அமைப்பைப் பொறுத்து ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம், மார்ச் 4 ஆகவும் இருக்கலாம். வருடத்தை முதலில் வைத்து 2025-04-03 என்று அடித்தால் அந்தக் குழப்பம் வராது.

அனுப்புவதற்கு முந்திய இரவு அம்மாவிடம் போனைக் காட்டினேன். அவர் எழுத்துகளை விட்டுவிட்டு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “கழிவு எங்க?” என்று கேட்டார். மடுவத்தில் சாக்குப் பாரத்துக்கும் ஈரத்துக்கும் என்று கொஞ்சம் கழித்துத்தான் பேருக்கு எழுதுவார்கள். அது இல்லாத கணக்கை அம்மா கணக்காகவே எடுக்கவில்லை. பயிற்சியில் கேட்கவில்லை என்றேன். “கேக்காட்டியும் எடம் போட்டு வையி புள்ள. பாக்குறவங்களுக்குத் தெரியட்டும்” என்றார்.

ஆறாவது நிரலைக் கழிவுக்கு ஒதுக்கினேன். ஏழாவதில் மீதி:

```
=E2-F2
```

கழிவு நிரலை வெறுமையாக விட்டதால் மீதி, கூட்டலைப் போலவே 19, 18.5, 18.5, 20.5 என்று வந்தது. எண் போட்டால் உடனே குறையும். இரண்டு நிரல் கூடியதால் போனில் அட்டவணை திரையைத் தாண்டிப் போனது. இலக்க நிரலை உறைய வைத்தேன், அதாவது வலப்பக்கம் தள்ளிப் பார்த்தாலும் யாருடைய வரி என்று தெரியும்படி முதல் நிரல் நின்ற இடத்திலேயே நிற்கும். நிரலின் எழுத்தைத் தட்டினால் வரும் பட்டியலில் `Freeze` என்று இருக்கிறது.

விடிந்ததும் முடக்குக்கு ஏறினேன். பனி இன்னும் கலையவில்லை, ஒரு கோடு சிக்னல் இருந்தது. `.xlsx` ஆக எடுத்து, ஃபைலின் பெயரில் என் பெயரையும் விண்ணப்பித்த பதவியையும் போட்டு, மின்னஞ்சலில் இணைத்தேன். போய்ச் சேரும்வரை அங்கேயே நின்றேன். இறங்கி வந்தபோது அம்மா பெரட்டுக்குப் போயிருந்தார். அன்று சாயந்தரம் வந்ததும் தன் மூன்று நிறுவையையும் கழிவையும் சொல்லி, அதே அட்டவணையில் இன்னொரு வரி போடச் சொன்னார்.